எதிர்வீட்டுப் பிள்ளைக்கு அரசு வேலை: என்ன சொல்லி வாழ்த்துவது?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பெண் குரூப் 4 எழுதித் தேர்வாகியிருக்கிறாள். சொந்தம் இல்லை, ஆனால் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவள். நேரில் போய் என்ன சொல்லி வாழ்த்துவது? என்ன வாங்கிப் போகலாம்?

பதில்:

போவதற்கு முன்னால் அவள் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: "கவுன்சிலிங் முடிஞ்சு கையில ஆர்டர் வந்துட்டா?" மற்றதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

நான் செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் இருக்கிறேன். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பல வருடம் சம்பளப் பிரிவில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் உண்டு. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று. அங்கே அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் கேரள பிஎஸ்சியின் தேர்வு எழுதிய பிள்ளையைப் பார்த்தால் முதல் கேள்வியே "அட்வைஸ் வந்துட்டா?" என்பதுதான். ரேங்க் லிஸ்டில் பெயர் வருவது ஒரு கட்டம். இன்ன துறையில் நியமிக்கலாம் என்று பிஎஸ்சி அனுப்பும் அட்வைஸ் மெமோ அடுத்த கட்டம். அதற்குப் பிறகுதான் துறையிலிருந்து நியமன ஆணை வரும். லிஸ்டில் பெயர் வந்தும் அட்வைஸ் வராமலே லிஸ்டின் காலம் முடிந்துபோனவர்களை அங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் அட்வைஸ் வரும்வரை வாழ்த்துவதற்குக் கொஞ்சம் பொறுக்கிறார்கள்.

நம் பக்கம் அப்படி இல்லை. மதிப்பெண்ணும் தரவரிசையும் வெளியான அன்றைக்கே "வேலை கிடைச்சிட்டு" என்று தெரு முழுக்கப் பரவிவிடும். உண்மையில் அதற்குப் பிறகுதான் சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொல்வார்கள். அப்புறம் சென்னைக்கு மூலச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுவார்கள். காலியிடங்களைவிட அதிகம் பேரைக் கூப்பிடுவார்கள் என்பதால் அந்த அழைப்பு வந்தாலே வேலை உறுதி என்று ஆகாது. சரிபார்ப்பில் எல்லாம் சரியாக இருந்தால் தரவரிசைப்படி கலந்தாய்வு நடக்கும். முன்னால் போனவர்கள் எடுத்தது போக மீதி இருக்கும் பதவியையும் துறையையும் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே கையில் கொடுக்கும் ஒதுக்கீட்டு ஆணைதான் நாம் கொண்டாடலாம் என்று நம்பக்கூடிய முதல் காகிதம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது அதற்குப் பிறகு துறை அனுப்பும் நியமன ஆணையில்தான் தெரியும்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு நல்ல தரவரிசை வந்தது. அன்று சாயங்காலமே அவன் கழுத்தில் சால்வை போட்டவர்களில் நானும் ஒருவன். முக்கில் அவன் படத்தோடு பெரிய பிளக்ஸும் வைத்தாகிவிட்டது. அவன் விண்ணப்பத்தில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்டிருந்தான். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அந்த ஒதுக்கீடு 2020ல் திருத்தப்பட்டது. அதன்படி பத்தாம் வகுப்புத் தகுதி உள்ள வேலைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். படித்த பள்ளியிலிருந்து அதற்குச் சான்றும் வாங்க வேண்டும். இந்தப் பையனின் அப்பா கொஞ்ச காலம் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் அவன் அங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தான். ஐந்திலிருந்து பத்துவரை இங்கே தமிழ்தானே, போதும் என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். சரிபார்ப்பில் அந்த இரண்டு வருடம் நின்றது. ஒதுக்கீடும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு இது எப்போதும் உள்ள கண்ணி.

அவன் ஊருக்குத் திரும்பி வந்தபோது அந்த பிளக்ஸ் இன்னும் முக்கில் இருந்தது. ராத்திரி அவனும் அவன் தம்பியும் ஏணி வைத்து அதைக் கழற்றினார்கள். சுருட்டிய பிளக்ஸ் வாசல் கதவுக்குள் நுழையாமல் அவன் அதை மடக்கி மடக்கித் திணித்ததை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவன் ஒரு வருடம் வெளியே தலைகாட்டவே இல்லை. சால்வை போட்ட நாங்கள் யாரும் "எந்தக் கட்டத்தில் இருக்கு?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் தோற்றது வீட்டோடு போயிருக்கும்.

ஆகவே கலந்தாய்வு முடியவில்லை என்றால் சந்தோஷத்தை வீட்டுக்குள் வைத்தே சொல்லுங்கள். "நல்ல மார்க் வாங்கியிருக்கே, சந்தோஷம்மா. சர்டிபிகேட் எல்லாம் சரியா இருக்கா, ஏதும் அலைய வேண்டியிருந்தா சொல்லு" என்றால் போதும். ஸ்டேட்டஸ் போடுவது, பத்திரிகைக்காரரிடம் சொல்வது எல்லாம் ஆணை கைக்கு வந்தபிறகு.

ஆணை வந்துவிட்டது என்றால் தாராளமாகப் போங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் போன முறை கிடைத்தபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அவள் அப்பா பிரானூர் பார்டரில் மரக்கடையில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டில் தைப்பார். பிள்ளை மூன்று வருடம் தினமும் நூலகத்துக்குப் போய்ப் படித்தவள். சென்னையிலிருந்து திரும்பிய அன்று நானும் என் மனைவியும் போனோம். ஆணையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். அவள் அம்மா அதை எடுத்துத் தரும்போது விரலில் ஒட்டியிருந்த நூலைச் சேலையில் துடைத்துவிட்டு, இரண்டு ஓரத்தையும் மட்டும் பிடித்து நீட்டினார்கள். நான் கண்ணாடியைப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். பதிவெண், பெயர், தரவரிசை, பதவி, துறை என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படி வாசித்துக் காட்டவில்லை. அப்பா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்த்து என்று தனியாக நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆணையை வாங்கி முழுக்க வாசியுங்கள். நீங்கள் அந்த வேலையை மதிக்கிறீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் அவள் செய்ததில் ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொல்வதை எல்லோரும் சொல்வார்கள். நான் தமிழ்ப் பகுதியில் எவ்வளவு எடுத்தாள் என்று கேட்டேன். குரூப் 4ல் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100 கேள்வி, தமிழ். தமிழில் 40 சதவீதம், 150க்கு 60, வாங்கவில்லை என்றால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அவள் தமிழில் ஐந்தே கேள்விதான் விட்டிருந்தாள். எந்த ஐந்து என்றுகூட அவளுக்கு நினைவிருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதுவரை தலைகுனிந்து "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அந்த இடத்தில்தான் சிரித்தாள்.

அன்றைக்கு வந்தவர்கள் சொன்னதில் அவளை வருத்தியவையும் உண்டு. ஒருவர் "இனி மாப்பிள்ளை லைன் கட்டி நிப்பான்" என்றார். இன்னொருவர் "சம்பளம் கிடக்கட்டும், மேல எவ்வளவு வரும்?" என்று கேட்டார். இதை விளையாட்டாகத்தான் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். வேலையில் இன்னும் சேரவே செய்யாத பிள்ளையிடம், அவள் அப்பா முன்னால் லஞ்சக் கணக்கு கேட்கிறோம் என்று அந்த நேரத்தில் யாருக்கும் உறைப்பதில்லை. மூன்றாவது ஒருவர் தன்னுடைய பட்டா மாறுதல் மனுவை அங்கேயே எடுத்துவிட்டார். அவளுக்குக் கிடைத்த துறைக்கும் பட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை. வாழ்த்தப் போகும் நாளில் சொந்தக் காரியம் எதையும் கொண்டுபோகாதீர்கள். பிறகும் கேட்க வேண்டாம். தகுதிகாண் பருவம் முடியும்வரை புதிதாகச் சேர்ந்தவர் நிலை அலுவலகத்தில் அவ்வளவு பலமானது இல்லை. மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடப் பணியைத் திருப்தியாக முடித்தால்தான் அது முடியும். ஒரு புகார் போனாலும் தள்ளிப்போகும்.

இப்போது என்ன வாங்கிப் போகலாம் என்பதற்கு வருகிறேன். சம்பளப் பிரிவில் இருந்தவன் என்பதால் இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. பழம், கல்கண்டு, வெற்றிலை பாக்கு வாங்குங்கள். அது நம் வழக்கம், அது இல்லாமல் நன்றாக இருக்காது. ஆனால் சுவர்க்கடிகாரம், சால்வை, படம் போட்ட கேடயம் எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தை உறையில் போட்டு அம்மா கையில் கொடுங்கள். ஏனென்றால் வேலையில் சேர்ந்தவர்களுக்கு முதல் மாதமே சம்பளம் வந்துவிடாது.

இது வெளியே பலருக்குத் தெரிவதில்லை. இப்போது சம்பளம் எல்லாம் களஞ்சியம் என்ற மென்பொருள் வழியாகத்தான் போகிறது. புதிதாகச் சேர்ந்தவரின் விவரம் முழுவதையும் அதில் ஏற்றி ஊழியர் எண் உண்டாக்க வேண்டும். ஓய்வூதியக் கணக்குக்கான எண்ணுக்கு விண்ணப்பித்து வாங்க வேண்டும். பணிப்பதிவேடு தொடங்க வேண்டும். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் முதலெழுத்து முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் அதற்கே ஒரு வாரம் போகும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த ஆள் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறும். எங்கள் அலுவலகத்தில் மாதப் பட்டியல் இருபதாம் தேதியை ஒட்டிக் கருவூலத்துக்குப் போய்விடும். அதைத் தவறவிட்டால் அடுத்த மாதம். சேர்ந்தவர்களுக்குப் பணம் மறுக்கப்படுவதில்லை, நிலுவையோடு சேர்த்து வந்துவிடும். ஆனால் இரண்டு மாதமோ மூன்று மாதமோ கையில் காசு இல்லாமல் இருக்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ராமநாதபுரத்தில் போட்டார்கள். அங்கே பெண்கள் விடுதிக்கு முன்பணம் 5,000 ரூபாய், சாப்பாட்டோடு மாதம் 6,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கே 17,000 ஆகிறது. மேலே பஸ், அலுவலகத்துக்குப் போட நான்கு நல்ல சேலை, ஒரு ஜோடி செருப்பு. மரக்கடைக் கூலியில் இதை ஒரே நேரத்தில் புரட்டுவது லேசு இல்லை. "அதான் அரசாங்க வேலை கிடைச்சிட்டே" என்று கடன் கொடுப்பவர் நிறையப் பேர் வருவார்கள், வட்டிக்கு. அதனால் தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் பேசி வைத்து ஆளுக்கு 1,001, 501 என்று முடிந்ததைப் போட்டோம். மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. முன்பணமும் பஸ் காசும் அதில் முடிந்தது. கடன் என்று சொல்லவில்லை, மொய் என்றுதான் சொன்னோம், திருப்பித் தர வேண்டியதும் இல்லை. மொய் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னோம். நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் செய்வார்கள், வழக்கம்போல.

இதில் ஒரு எல்லை உண்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவளுக்குப் பொருந்தும். யாரிடமிருந்து என்ன பரிசு வாங்கலாம் என்பதற்கு அதில் கட்டுப்பாடு இருக்கிறது. சேருவதற்கு முன்னால், அக்கம்பக்கத்தார் வழக்கப்படி கொடுக்கும் சின்ன மொய்யில் சிக்கல் இல்லை. அவள் சேரப்போகும் துறையில் ஒப்பந்தம் எடுப்பவரோ, அங்கே கோப்பு நிலுவையில் இருப்பவரோ தங்கக்காசு கொண்டுவந்தால் வாங்கக் கூடாது. எங்கள் தெருவுக்கு அப்படி ஒருவர் வந்தார். அவள் அப்பாவுக்கு எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. நான்தான் "அண்ணாச்சி, பிள்ளைக்கு இது பின்னால தொந்தரவாயிரும், பழத்தை மட்டும் வச்சுட்டுப் போங்க" என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நீங்களும் அங்கே இருக்கும்போது இப்படி யாராவது வந்தால், வீட்டுக்காரர்களுக்காக நீங்கள் பேசுங்கள். அது அவர்கள் வாயால் வருவது கஷ்டம்.

பணம் கொடுக்க வசதி இல்லை என்றால் சேரும் நாளுக்கான காரியத்தில் உதவலாம். அரசு மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று வாங்கக் கூடப் போகலாம். எல்லாச் சான்றிதழும் நான்கு செட் நகல் எடுத்து, ஒவ்வொரு செட்டையும் வரிசையாக அடுக்கிக் கொடுக்கலாம். நான் பாஸ்போர்ட் அளவுப் படம் பன்னிரண்டு போட்டுக் கொடுத்து, பணியேற்பு அறிக்கைக்கு ஒரு மாதிரியும் எழுதிக் கொடுத்தேன். அந்த அறிக்கையில் அவள் கவனிக்க வேண்டியது தேதிக்குப் பக்கத்தில் எழுதும் ஒரு சொல்தான்: முற்பகல். முற்பகலில் சேர்ந்தால் அன்றைய நாளே பணிநாள். பிற்பகல் என்று எழுதினால் சம்பளம் மறுநாளிலிருந்துதான் கணக்கு. சேர்ந்த நாள் பணிப்பதிவேட்டின் முதல் பக்கங்களில் ஏறிக் கடைசிவரை கூடவே வரும்.

இதில் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. சேரும் நாள் வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை ராகுகாலம் என்று அவள் ஆச்சி மத்தியானத்துக்கு மேல் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஆச்சி சொல்வதைத் தள்ளவும் முடியாது. "ஆச்சி, ஆபீஸ் பத்து மணிக்குத் திறந்திரும். பிள்ளை வியாழக்கிழமையே போய்த் தங்கிட்டு, பத்தே காலுக்குள்ள கையெழுத்துப் போட்டுரட்டும். ராகுகாலமும் வராது, முற்பகலும் கிடைக்கும்" என்றேன். ஆச்சிக்குத் திருப்தி. அப்படியே பத்து பன்னிரண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

கடைசியாக ஒன்று, கேள்வியில் நீங்கள் கேட்கவில்லை. அதே தெருவில் அதே தேர்வு எழுதிக் கிடைக்காத பிள்ளை ஒன்று இருக்கும். எங்கள் தெருவில் அடுத்த வீட்டுப் பையன், அவளோடு ஒரே மேஜையில் படித்தவன், கொஞ்ச மதிப்பெண்ணில் தவறவிட்டான். அவள் வீட்டு வாசலில் நின்று பேசினால் அவன் வீட்டுக்குள் கேட்கும். அதனால் உள்ளே போய் உட்கார்ந்து பேசினோம். வெடி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அவனைப் பார்த்து "நீயும் அவளை மாதிரிப் படிச்சிருக்கலாம்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று என் மனைவி இரண்டு மூன்று பேரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தாள். அவனை நாங்கள் தேடிப் போய் ஆறுதல் சொல்லவும் இல்லை. அவள் ஊருக்குக் கிளம்பும் அன்று தன் குறிப்பு நோட்டுகளை எல்லாம் கட்டி அவனிடம் கொடுத்தாள். தென்காசி பஸ் ஸ்டாண்டுவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது அவன்தான்.